அசே, தெஸ்தே, தெஸ்தே அசே: மூன்றும் ஒன்றில்லை

தண்டையார்பேட்டையில் என்னிடம் ஸ்பானிஷ் படிக்கும் தம்பி ஒருவன், துறைமுகத்துப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறான். போன வாரம் அவனுக்கு போனில் நேர்காணல். "த்ரபாஹே அகீ அசே த்ரேஸ் ஆன்யோஸ்" என்று சொல்லியிருக்கிறான். எதிர்முனையில் இருந்தவர், "சரி, இப்போது எங்கே வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டாராம். தம்பி சொன்னதற்கு அர்த்தம், "மூன்று வருஷத்துக்கு முன்னாடி இங்கே வேலை பார்த்தேன்". வேலையை விட்டுவிட்டான் என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

அசே இறந்தகால வினையோடு வந்தால் நம் 'முன்னாடி'. "யெகே அசே த்ரேஸ் ஆன்யோஸ்" என்றால் மூன்று வருஷத்துக்கு முன்னாடி வந்தேன். நடந்து முடிந்த விஷயம், அவ்வளவுதான்.

தெஸ்தே நம் 'இலிருந்து'. அதற்குப் பின்னால் ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும்: கிழமை, மாதம், வருஷம், ஒரு சம்பவம். ராயபுரத்தில் ரயில் நிலையம் 1856-லிருந்து இருக்கிறது. அது தெஸ்தே 1856. 'வந்ததிலிருந்து' என்பது தெஸ்தே கே யெகே. ஆனால் மூன்று வருஷம் என்பது புள்ளி இல்லை, அளவு. அதனால் 'தெஸ்தே த்ரேஸ் ஆன்யோஸ்' தவறு. என் வகுப்பில் அதிகம் திருத்துவது இதைத்தான்.

தெஸ்தே அசே இங்கேதான் கைகொடுக்கிறது. 'அசே த்ரேஸ் ஆன்யோஸ்' மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு புள்ளியைக் காட்டிவிடுகிறது. புள்ளி கிடைத்ததும் தெஸ்தே அதைப் பிடித்துக்கொள்கிறது: மூன்று வருஷத்துக்கு முன்னாடியிலிருந்து. நாம் இதைச் சுருக்கி 'மூன்று வருஷமா' என்கிறோம். "த்ரபாஹோ அகீ தெஸ்தே அசே த்ரேஸ் ஆன்யோஸ்": தம்பி சொல்லியிருக்க வேண்டியது இது. இன்னும் தொடரும் வேலைக்கு வினை நிகழ்காலத்தில் வரும். ஆங்கில வழியில் யோசிக்கிறவர்கள் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். 'மூணு வருஷமா பாக்குறேன்' என்று நாமும் நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம், அதை அப்படியே கொண்டுபோகலாம்.

லத்தீன் அமெரிக்காவில் தெஸ்தேயை விட்டுவிட்டு "த்ரபாஹோ அகீ அசே த்ரேஸ் ஆன்யோஸ்" என்றும் சொல்வார்கள். அது தவறில்லை. ஆனால் அப்போது அர்த்தம் முழுக்க வினையின் கடைசி உயிரெழுத்தில் தொங்குகிறது: த்ரபாஹோ என்றால் பார்க்கிறேன், த்ரபாஹே என்றால் பார்த்தேன். போனில் அந்த ஓ, ஏ சரியாகக் கேட்காமல் போகலாம். புதிதாகப் பேசுகிறவர்கள் தெஸ்தே அசேயையே பிடித்துக்கொள்வது நல்லது என்பேன். தெஸ்தே காதில் விழுந்தாலே இன்னும் தொடர்கிறது என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

அப்புறம் இன்னொரு வடிவமும் உண்டு: "அசே த்ரேஸ் ஆன்யோஸ் கே த்ரபாஹோ அகீ". அர்த்தம் தெஸ்தே அசேக்கு உள்ளதுதான், அழுத்தம் மட்டும் காலத்தின் மேல் விழுகிறது. 'இங்கே வேலை பார்க்க ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆகுது' என்கிறோமே, அந்த 'ஆகுது'தான் இந்த அசே. வருஷம் ஒன்றோ முப்பதோ, 'ஆகுது' மாறாத மாதிரி அசேயும் பன்மைக்கு மாறாது.