ஆண்டு இறுதித் தள்ளுபடி: வரியோடு கிரெடிட் நோட்டா, வரியில்லாமலா?

பிவிசி பைப் விநியோகஸ்தர் ஒருவர் 2024-25 நிதியாண்டில் 88,40,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்து, அதில் 2,40,000 ரூபாய்ச் சரக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறார் என்று கொள்வோம். இரண்டுமே 18 சதவீத ஜிஎஸ்டி சேராத மதிப்புகள். எனவே நிகரக் கொள்முதல் 86,00,000 ரூபாய். ஆண்டுத் தொடக்கத்தில் கம்பெனி அனுப்பிய திட்டக் கடிதம் 75 லட்சத்தைத் தொட்டால் 2 சதவீதம், ஒரு கோடியைத் தொட்டால் 2.5 சதவீதம், அதுவும் முழுக் கொள்முதலுக்கும் என்கிறது. ஆகவே அவர் எட்டிய ஸ்லாப் 2 சதவீதம், தள்ளுபடி 1,72,000 ரூபாய்.

ஆனால் விநியோகஸ்தரின் லெட்ஜரில் இருப்பது வரியும் சேர்ந்த பில் தொகை. அதன்படி அவருடைய கொள்முதல் 1,01,48,000 ரூபாய். ஒரு கோடியைத் தாண்டிவிட்டதாக நம்பி அவர் 2,53,700 ரூபாயை எதிர்பார்த்துக் காத்திருப்பார். ஏப்ரல் மாதச் சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன என்பது என் அனுபவம். ஆகவே விநியோகஸ்தருக்கு அனுப்பும் தள்ளுபடி அறிக்கையின் முதல் பத்தியிலேயே மொத்தக் கொள்முதல், திரும்பிய சரக்கு, வரி நீங்கலான நிகர மதிப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே காட்டிவிட வேண்டும்.

அடுத்து, இந்த 1,72,000 ரூபாயை எப்படி வரவு வைப்பது என்ற கேள்வி வருகிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி வரியோடு கிரெடிட் நோட் போடுவது ஒரு வழி. அப்போது 1,72,000 ரூபாயோடு வரி 30,960 ரூபாயும் சேர்ந்து 2,02,960 ரூபாய் விநியோகஸ்தர் கணக்கில் வரவாகும். கம்பெனி தன் வரிப் பொறுப்பை 30,960 ரூபாய் குறைத்துக்கொள்ளும், விநியோகஸ்தர் அதே தொகையை உள்ளீட்டு வரி வரவிலிருந்து திருப்ப வேண்டும். மற்றொரு வழி வரியைத் தொடாத வணிக கிரெடிட் நோட். 1,72,000 ரூபாய் மட்டும் வரவாகும். பழைய பில்களின் வரி அப்படியே நிற்கும். இத்தகைய நோட்டுக்காக வாங்கியவர் உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டியதில்லை என்பதை 2025 செப்டம்பர் 12ஆம் தேதியிட்ட 251ஆம் எண் சுற்றறிக்கை தெளிவாக்கியிருக்கிறது.

இரண்டு வழியிலும் விநியோகஸ்தர் கையில் நிற்பது 1,72,000 ரூபாய்தான். கம்பெனிக்கு ஆகும் செலவும் அதுவே. ஆனால் அறிக்கையில் வெறுமனே 'தள்ளுபடி ரூ. 1,72,000' என்று எழுதிவிட்டு, கணக்குப் பிரிவு அதை வரி உள்ளடங்கிய தொகையாக எண்ணி ஜிஎஸ்டி கிரெடிட் நோட் போட்டால், அடிப்படைத் தொகை 1,45,763 ரூபாயாகவும் வரி 26,237 ரூபாயாகவும் பிரிந்துவிடும். வரியைத் திருப்பிய பிறகு விநியோகஸ்தருக்கு மிஞ்சுவது 1,45,763 ரூபாய் மட்டுமே. வாக்குக் கொடுத்த 2 சதவீதம் 1.7 சதவீதத்துக்கும் கீழே இறங்கியதை அவர் கண்டுபிடிக்க மாட்டார். அவருடைய ஆடிட்டர் கண்டுபிடிப்பார். இதற்கு நேர்மாறாக, வரியில்லாத நோட்டைக் கண்டும் பழக்கத்தால் வரி வரவைத் திருப்பி நஷ்டப்படுபவர்களும் உண்டு. 'இது வணிக கிரெடிட் நோட், ஜிஎஸ்டி மாற்றம் இல்லை' என்ற ஒரு வரி அவர்களைக் காப்பாற்றும்.

உழைப்பிலும் அபாயத்திலும்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. வரியோடு போடும் நோட்டுக்குத் தள்ளுபடித் திட்டம் முன்பே ஒப்பந்தத்தில் இருந்திருக்க வேண்டும், பில் வாரியாக இணைப்பும் காட்ட வேண்டும் என்பது 2024-25 விற்பனைக்குப் பொருந்திய விதி. அந்த ஆண்டுக்கான நோட்டை 2025 நவம்பர் 30க்குள் ரிட்டர்னில் காட்டியாக வேண்டியிருந்தது. விநியோகஸ்தர் அதைப் போர்ட்டலில் நிராகரித்துவிட்டால், குறைத்த வரி கம்பெனியின் தலையில் மீண்டும் ஏறும். வணிக நோட்டில் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை.

சிறு விநியோகஸ்தர்கள் பலரை வைத்திருக்கும் கம்பெனிக்கு நான் வணிக நோட்டையே பரிந்துரைப்பேன். ஒரு விதிவிலக்கு உண்டு. பயன்படாத வரி வரவு பெருமளவு தேங்கிக் கிடக்கும் விநியோகஸ்தருக்கு ஜிஎஸ்டி நோட் லாபமானது. முடங்கிக் கிடக்கும் வரவிலிருந்து 30,960 ரூபாயைத் திருப்பிவிட்டு, கம்பெனிக்குக் கட்ட வேண்டிய ரொக்கத்தில் அதே தொகையை அவர் மிச்சப்படுத்திக்கொள்வார்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், வரவு எந்த பில்லில் சரிக்கட்டப்படும் என்பதை அறிக்கையிலேயே எழுத வேண்டும். பொத்தாம்பொதுவாக 'அடுத்த ஆர்டரில் கழிக்கப்படும்' என்றால் ஜூன் மாதத்திலும் தீராது. மிகப் பழைய பாக்கி பில்லின் எண், தேதி, கழிக்கும் தொகை, கழித்தபின் நிற்கும் பாக்கி என நான்கும் இருந்தால் இரு லெட்ஜர்களும் ஒத்துப்போகும்.