மடல் திறந்ததா, மூடியதா? எச்.ஐ.வி. புரோட்டியேஸை எக்ஸ்ரேயிலும் என்.எம்.ஆரிலும் பார்த்தால்

புரதத்தின் வடிவத்தைக் காண எக்ஸ்ரே படிகவியலா, காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையைக் கேட்கும் என்.எம்.ஆரா என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். ஒரே புரதத்தை எடுத்துக்கொண்டு இரண்டும் அதில் என்ன கண்டன, எதைத் தவறவிட்டன என்று பார்த்தால் விஷயம் விளங்கும். டர்பனில் உட்கார்ந்து எழுதுகிற எனக்கு அந்தப் புரதத்தைத் தேட வேண்டியதில்லை. க்வாஸூலு-நட்டால் மாகாணத்தில் லோபினாவிர், அட்டாசனாவிர், டாருனாவிர் என்ற பெயர்கள் மருந்துக்கடைக்கு வெளியேயும் பழக்கம். மூன்றும் போய் அடைகிற இடம் ஒன்றுதான்: எச்.ஐ.வி. புரோட்டியேஸ்.

இது சின்னப் புரதம். 99 அமினோ அமிலம் கொண்ட சங்கிலிகள் இரண்டு சேர்ந்து ஒரு ஜோடி. நடுவே ஒரு சுரங்கம். அதன் தரையில் சங்கிலிக்கு ஒன்றாக இரண்டு ஆஸ்பார்ட்டிக் அமிலங்கள், இரண்டுக்கும் எண் 25. வைரஸின் நீளமான புரதத்தை வெட்டுவது இவைதான். சுரங்கத்துக்கு மேலே, ஆளுக்கொன்றாக இரண்டு மடல்கள். வெட்டவேண்டிய இழை உள்ளே வர மடல் திறக்கவேண்டும், வந்தபின் மூடவேண்டும். மருந்தும் அதே வழியாகத்தான் நுழைந்து, மடல் மூடியபின் உள்ளேயே தங்கிவிடுகிறது. அப்படியானால் மருந்து இல்லாத நேரத்தில் மடல்கள் எந்த நிலையில் இருக்கின்றன? இந்த ஒரு கேள்வியில் இரண்டு முறைகளின் பலமும் பலவீனமும் தெரிந்துவிடும்.

முதலில் படிகம். தூய்மைப்படுத்திய புரதக் கரைசலில் ஒன்றிரண்டு மைக்ரோ லிட்டரை எடுத்து, உப்போ பாலிஎத்திலீன் கிளைக்காலோ கலந்த திரவத்தோடு சேர்த்து, கண்ணாடித் தகட்டில் துளியாகத் தொங்கவிட்டு மூடிவைப்பார்கள். துளியிலிருந்து நீர் மெல்ல ஆவியாகி, புரதம் நெருங்கி நெருங்கிப் படிகமாகும். பல நேரம் ஆகாது. கலங்கிய சேறு மட்டும் மிஞ்சும். படிகம் கிடைத்தால் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மிகப் பிரகாசமான எக்ஸ்ரே கதிர் தரும் சிங்க்ரோட்ரானுக்கு அனுப்பவேண்டும். ஆப்பிரிக்கக் கண்டத்தில் சிங்க்ரோட்ரான் கிடையாது. அதனால் நம் நாட்டுப் படிகங்கள் பிரான்ஸின் கிரெனோபிளுக்கோ இங்கிலாந்தின் டைமண்டுக்கோ பயணம் போகின்றன. (டர்பன் உயர்நிலைப் பள்ளியில் படித்து, கேப் டவுனில் படிகவியல் கற்று, 1982இல் நோபல் வாங்கிய ஆரன் க்ளக்கின் ஊர் இது. ஆனாலும் கதிருக்கு இன்னும் கடல் கடக்கவேண்டியிருக்கிறது.)

அங்கே படிகத்தில் பட்டுச் சிதறும் எக்ஸ்ரே பதிவாவது படமாக அல்ல, புள்ளிகளாக. ஒவ்வொரு புள்ளியின் பிரகாசமும் கிடைக்கும். அலை எந்தக் கட்டத்தில் வந்தது என்ற தகவல் தொலைந்துபோகும். ஏற்கனவே தெரிந்த ஒத்த புரதத்தின் வடிவத்தை ஆரம்பமாக வைத்து அந்தக் கட்டத்தை மீட்பது வழக்கம். இந்தப் புரோட்டியேஸின் வடிவம் 1989இலேயே தெரிந்துவிட்டதால் இன்று அது பெரிய தலைவலி இல்லை. தென்னாப்பிரிக்காவில் அதிகம் பரவியிருக்கும் சி வகை வைரஸின் புரோட்டியேஸை விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தார் படிகமாக்கி வடிவம் கண்டிருக்கிறார்கள். கடைசியில் கையில் வருவது எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம். படிகத்தில் இருக்கும் கோடானுகோடி மூலக்கூறுகளின் சராசரி அது. எது அசைகிறதோ அது மங்கும், ரொம்ப அசைந்தால் காணாமலே போகும்.

மருந்து இல்லாத சாதாரணமான காலிப் புரோட்டியேஸின் படிகங்களில் மடல்கள் அரைத் திறப்பாக நிற்கின்றன. மருந்து உள்ளே இருந்தால் மூடியிருக்கின்றன; மடல் நுனி சுமார் 7 ஆங்ஸ்ட்ராம், அதாவது 0.7 நானோ மீட்டர் வரை நகர்ந்திருக்கும். ஆனால் அரைத் திறப்பிலும் சுரங்கத்தின் வாய் அடைபட்டேதான் இருக்கிறது. இழை நுழைய அந்த இடைவெளி போதாது. ஆகவே இன்னும் அகலமான ஒரு நிலை இருந்தே ஆகவேண்டும்.

2005இல் அது கிடைத்துவிட்டது போலத் தோன்றியது. பல மருந்துகளுக்கு அடங்காத ஒரு நோயாளியின் வைரஸிலிருந்து எடுத்த புரோட்டியேஸ், மருந்து இல்லாமல், 1.3 ஆங்ஸ்ட்ராம் தெளிவில் வெளியானது. புரத வடிவங்களைச் சேமித்துவைக்கும் PDB வங்கியில் அதன் எண் 1TW7. ஆங்ஸ்ட்ராம் எண் குறையக் குறையத் தெளிவு கூடும், 1.3 என்பது அருமையான படிகம். மடல்கள் அகலத் திறந்திருந்தன. மருந்து ஏன் பிடிப்பதில்லை என்பதற்கு விடையே கிடைத்த மாதிரி இருந்தது.

அடுத்த வருஷமே இதை வேறொரு குழு கேள்வி கேட்டது. கணினியில் மூலக்கூறு அசைவைப் போலச்செய்து பார்த்தார்கள். படிகத்தில் பக்கத்தில் இருக்கும் மூலக்கூறுகளையும் சேர்த்துக்கொண்டால் மடல் திறந்தே நின்றது. அவற்றை எடுத்துவிட்டுத் தண்ணீரில் விட்டால் அரைத் திறப்புக்குத் திரும்பியது. அதாவது மடலைப் பிடித்து நிறுத்தியது படிகத்தின் நெரிசல். பதினைந்து பேரை அடைத்த மினிபஸ் டாக்சியில் ஒருவர் கையை எங்கே வைத்திருக்கிறார் என்பதைக் கொண்டு, வீட்டு சோபாவில் அவர் எப்படி உட்காருவார் என்று சொல்லமுடியாது.

எங்கள் ஆய்வகத்துத் தம்பி ஒருவன் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றான். “அண்ணா, 1.3 இருக்கு. இதைவிடத் தெளிவா என்ன வேணும்?” படம் தெளிவுதான். அந்த அணுக்கள் அந்தப் படிகத்தில் அங்கேதான் இருந்தன, அதில் பொய் இல்லை. கரைசலிலும் அங்கேயே இருக்கும் என்பதற்கு மட்டும் 1.3 உத்தரவாதம் கிடையாது. சந்தேகம் வந்தால், மூலக்கூறு வடிவங்களைத் திரையில் காட்டும் PyMOL மென்பொருளில் அண்டை மூலக்கூறுகளை வரவழைத்துப் பார்க்கலாம்:

```
fetch 1tw7, async=0
symexp sym, 1tw7, 1tw7, 5
spectrum b, selection=1tw7
```

இரண்டாவது வரி, 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் நெருங்கி நிற்கும் படிக அண்டைகளைக் கொண்டுவரும். நீங்கள் கதை கட்டப்போகிற பகுதியை அவை தொடுகின்றனவா என்று பாருங்கள். தொட்டால் கதையை நிறுத்திவையுங்கள். மூன்றாவது வரி, எந்த அணுவின் இடம் உறுதி, எது தள்ளாடுகிறது என்பதை நிறத்தில் காட்டும். தள்ளாடவேண்டிய மடல் அமைதியாக இருந்தாலும் அண்டை வீட்டார் மேல் சந்தேகப்படலாம்.

என்.எம்.ஆருக்குப் படிகம் வேண்டாம். அரை மில்லி லிட்டருக்கும் குறைவான கரைசல், கிட்டத்தட்ட உடல் வெப்பநிலை, ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய், அவ்வளவுதான். ஆனால் சாதாரணப் புரதம் செல்லாது. தெளிவான சமிக்ஞை தரும் நைட்ரஜன்-15, கார்பன்-13 கலந்த உணவில் பாக்டீரியாவை வளர்த்துப் புரதம் எடுக்கவேண்டும். கார்பன்-13 குளுக்கோஸின் விலையைக் கேட்டால் மேற்பார்வையாளர் முகம் மாறும். இந்தப் புரதத்துக்கு இன்னொரு தொல்லை உண்டு: அது வெட்டுகிற புரதம், காந்தத்துக்குள் நாள்கணக்கில் வைத்தால் தன்னையே வெட்டிக்கொள்ளும். அதனால் 7, 33, 63ஆம் இடங்களில் சின்ன மாற்றம் செய்து, தன்னை வெட்டிக்கொள்ளாத வடிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் பார்ப்பது அசலா, திருத்தப்பட்டதா என்று கட்டுரையின் செய்முறைப் பகுதியைப் படித்துத் தெரிந்துகொள்ளவேண்டும்.

முதலில் எடுக்கும் நிறமாலையில், சங்கிலியின் முதுகெலும்பில் இருக்கும் நைட்ரஜனோடு ஹைட்ரஜன் ஒட்டியிருக்கும் ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் ஒரு புள்ளி. புரோலினுக்கு அந்த ஹைட்ரஜன் இல்லாததால் புள்ளி வராது. இந்தச் சங்கிலியில் ஆறு புரோலின். இரண்டு சங்கிலிகளும் ஒன்றுபோலவே இருப்பதால் ஒன்றின் புள்ளி மேல் மற்றது விழும். ஆக, சுமார் 93 எதிர்பார்க்கலாம். எந்தப் புள்ளி யாருடையது என்று பெயர் வைப்பதிலேயே வாரங்கள் போகும். பிறகு 5, 6 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் ஜோடிகளைக் கண்டுபிடித்து, அந்தத் தூரங்களுக்கெல்லாம் பொருந்துகிற வடிவங்களைக் கணினியில் கட்டுவார்கள். ஒரே வடிவம் வராது. இருபதோ முப்பதோ வரும். அவை ஒன்றுக்கொன்று விலகுகிற இடத்தில் அசைவு இருக்கிறது என்று உடனே முடிவுகட்டிவிடக்கூடாது. அங்கே தூரத் தகவல் குறைவாகக் கிடைத்திருந்தாலும் இதே விலகல்தான் வரும். அசைவா, தகவல் பஞ்சமா என்பதை, கிளர்ந்த அணுக்கரு எவ்வளவு வேகமாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று பார்க்கும் தளர்வு அளவீட்டைத் தனியாகச் செய்துதான் சொல்லமுடியும்.

காலிப் புரோட்டியேஸில் அந்த அளவீட்டைச் செய்தார்கள். மடலின் நுனி நானோ வினாடிக்கும் குறைவான நேரத்தில் துடிக்கிறது. மடல் முழுவதுமாக நிலை மாறுவது அதைவிட மிக மெதுவாக, சுமார் 100 மைக்ரோ வினாடி அளவில் நடக்கிறது. படிகம் ஒருநாளும் தராத தகவல் இது. அரைத் திறப்பு என்பது மடல் அதிக நேரம் இருக்கும் இடம்; அகலத் திறப்பு வந்துபோகும் நிலை. ஆனால் அந்த வந்துபோகும் நிலையின் படத்தை என்.எம்.ஆர். கொடுக்கவில்லை. ஏதோ ஒன்று, இவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்றது. அதன் உருவத்தை ஊகிக்கத்தான் முடிந்தது.

கேள்வி மாறினால் தராசும் சாயும். மருந்து சேர்ந்த படிகங்களில், இரு மடல்களின் 50ஆம் ஐசோலூசின்களுக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு தண்ணீர் மூலக்கூறு திரும்பத் திரும்பத் தென்பட்டது. அதைக் கண்டுகொண்டது எக்ஸ்ரே. அந்தத் தண்ணீரின் இடத்தையே பிடித்துக்கொள்ளும் வளையவடிவ யூரியா மருந்து ஒன்றை டியூபாண்ட் மெர்க் நிறுவனத்தார் வடிவமைத்து 1994இல் வெளியிட்டார்கள். கரைசலிலும் அந்தத் தண்ணீர் நிலைத்து நிற்கிறது, புது மருந்து வந்ததும் வெளியேறுகிறது என்பதை என்.எம்.ஆர். உறுதிசெய்தது. (அந்த வகை மருந்து சந்தைக்கு வராமல் போனது வேறு கதை.) அதே மருந்து உள்ளே இருக்கும்போது 25ஆம் ஆஸ்பார்ட்டிக் அமிலங்கள் இரண்டும் ஹைட்ரஜனைச் சுமக்கின்றனவா என்பதற்கு எக்ஸ்ரே வாய் திறக்காது. ஹைட்ரஜனிடம் இருப்பது ஒரே எலக்ட்ரான். வழக்கமான தெளிவில் அது தெரியாது. கார்பன்-13 குறியிட்ட அமிலத்தின் நிறமாலை இரண்டும் சுமக்கின்றன என்று நேராகவே காட்டியது. மருந்தின் எந்த அணுவை அங்கே நிறுத்துவது என்று யோசிப்பவருக்கு இது சின்ன விவரம் இல்லை.

இந்தப் புரதத்தின் எடை 22 கிலோடால்டன். என்.எம்.ஆருக்கு வசதியான எல்லைக்குள்தான். 30ஐத் தாண்டினால் புள்ளிகள் அகன்று ஒன்றின்மேல் ஒன்று விழும். டியூட்டீரியம் ஏற்றி சமாளிக்கலாம், செலவும் கூடும். எக்ஸ்ரேக்கு அளவு ஒரு தடையே இல்லை, படிகம் ஆனால் போதும்.

என் தேர்வைக் கேட்டால், புது மருந்தோ புது மரபு மாற்றமோ வந்தால் முதலில் படிகம்தான். மருந்தின் ஒவ்வோர் அணுவும் எதைத் தொடுகிறது என்று சொல்வதில் என்.எம்.ஆர். அதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் நம் ஊர் சி வகையில் பெரும்பாலும் 36ஆம் இடத்தில் மெத்தியோனினுக்குப் பதில் ஐசோலூசின் உட்கார்ந்திருக்கிறது. மடலின் கீல் பகுதி அது. அதனால் மடல் சீக்கிரம் திறக்கிறதா என்று கேட்டால், அழகான படிகம் ஒன்றைக் காட்டிப் பதில் சொல்பவரை நான் நம்பமாட்டேன். தம்பிக்கும் அதையே சொன்னேன்: படிகத்தில் கீலின் இடத்தைப் பார், வேகத்துக்கு நைட்ரஜன்-15 மட்டும் ஏற்றிய மாதிரி போதும், கார்பன்-13க்கு இப்போதே பணம் கேட்காதே, புள்ளிகளின் பெயர்களை ஏற்கனவே வெளியான பட்டியலிலிருந்து எடுத்து, 36ஐச் சுற்றி நகர்ந்தவற்றுக்கு மட்டும் புதிதாகப் பெயர் வை.