காலி பிளாக்கைக் கண்டுபிடிக்க: பிட்மேப்பா, லிங்க்டு லிஸ்ட்டா?

டிஸ்க்கில் எந்தெந்த பிளாக் காலி என்று ஃபைல் சிஸ்டம் கணக்கு வைத்துக்கொள்ள இந்த இரண்டு வழிகள் உண்டு. லிங்க்டு லிஸ்ட்டுக்கு ஆதரவாக முதலில் சொல்லப்படுவது, அதற்குத் தனி இடமே வேண்டாம் என்பதுதான். ஒவ்வொரு காலி பிளாக்கும் அடுத்த காலி பிளாக்கின் எண்ணைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், முதல் பிளாக் எது என்று மட்டும் ஓரிடத்தில் குறித்து வைத்தால் போதும். பிட்மேப்பில், காலியா இல்லையா என்று காட்ட பிளாக் ஒன்றுக்கு ஒரு பிட் ஒதுக்கியாக வேண்டும். சரி, எவ்வளவு இடம்தான் போகிறது என்று பார்த்துவிடுவோம்.

1 டிபி டிஸ்க், 4 கேபி பிளாக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```
2^40 / 2^12 = 2^28
2^28 / 8    = 2^25
2^25 / 2^12 = 2^13
```

முதல் வரி பிளாக்குகளின் எண்ணிக்கை, அத்தனை பிட் வேண்டும். இரண்டாவது, அதைப் பைட்டாக்கினால் வருவது: 32 எம்பி. மூன்றாவது, அந்த பிட்மேப்பே டிஸ்க்கில் பிடிக்கும் இடம்: 8192 பிளாக். பலர் சறுக்குவது அந்த 8-ஆல் வகுக்கும் இடத்தில்தான், பிட்டைப் பைட் என்று எடுத்துக்கொண்டு 256 எம்பி என்று எழுதிவிடுவார்கள். டிஸ்க்கின் அளவு 10^12 பைட் என்று இருந்தால் கடைசி வரியில் 7450.58 வரும், பாதி பிளாக் என்று ஒன்று கிடையாது என்பதால் 7451 என்று மேலே ஏற்றிக்கொள்ள வேண்டும்.

32768 பிளாக்கைக் கவனிக்க ஒரே ஒரு பிளாக், அவ்வளவுதான் செலவு. லினக்ஸின் ext4 ஃபைல் சிஸ்டத்தில் 4 கேபி பிளாக் இருந்தால் ஒரு பிளாக் குரூப் வழக்கமாக 128 எம்பி இருப்பதற்கும் இதுதான் காரணம்: ஒரு பிட்மேப் பிளாக்கால் பார்த்துக்கொள்ள முடிவது அவ்வளவுதான்.

அப்புறம், இடம் மிச்சமாகும் லிஸ்ட்டில் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். 100 பிளாக் வேண்டுமென்றால், ஒன்றைப் படித்தால்தான் அடுத்தது எங்கே என்றே தெரியும், ஆக 100 தடவை டிஸ்க்கைப் படிக்க வேண்டும், சுழலும் டிஸ்க்கில் ஒரு தடவைக்கு 10 மில்லிசெகண்ட் என்றாலே முழுசாக ஒரு விநாடி போய்விடும். 1 ஜிபி ஃபைலை அழித்தால் நிலைமை இன்னும் மோசம், 2,62,144 பிளாக்குகளிலும் பாயின்டர் எழுத வேண்டும். அதே ஃபைல் தொடர்ச்சியாக இருந்தால் பிட்மேப்பில் மாற வேண்டியது 32 கேபி, சுமார் 8 பிளாக்.

லிஸ்ட் ஜெயிக்கும் இடமும் உண்டு. டிஸ்க் கிட்டத்தட்ட நிரம்பியிருக்கும்போது ஒரே ஒரு பிளாக் கேட்டால் லிஸ்ட் உடனே கொடுத்துவிடும், பிட்மேப்பில் காலி பிட்டைத் தேடி வரிசையாக வேர்டுகளைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். லிஸ்ட்டின் வேகத்தைக் கூட்டவும் வழி இருக்கிறது: ஒரு காலி பிளாக்கிலேயே 4 பைட் எண்களாக 1024 எழுதலாம், அதில் 1023 காலி பிளாக்குகளின் எண்கள், கடைசியில் அடுத்த தொகுப்பின் முகவரி. மேலே சொன்ன 100 பிளாக் அப்போது ஒன்றிரண்டு படிப்பில் கிடைத்துவிடும். ஆனால் அந்த 100-ம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை, பிட்மேப்பிலோ தொடர்ந்து 100 காலி பிட் எங்கே இருக்கிறது என்று தேடினாலே போதும், அதனால்தான் பெரிய ஃபைல்கள் எழுதப்படும் டிஸ்க்குக்கு நான் தயங்காமல் பிட்மேப்பைத்தான் எடுப்பேன்.