சம்பளச் செயலியில் ஓர் எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன்: அறிக்கையைப் பிரித்து எழுதுவதா, சேர்த்து எழுதுவதா?

இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட நிர்வாகம் ஒன்றின் சம்பளச் செயலியை ஊடுருவல் சோதனைக்கு எடுத்திருப்பதாகக் கொள்வோம். பிரிவு அலுவலக எழுதுவினைஞர் தமது கணக்கில் நுழைந்து, தொழிலாளியின் இலக்கத்தைத் தட்டினால், அந்த மாதத்தில் பேர் விழுந்த வேலைநாட்கள், மேலதிகக் கொழுந்து, சேமலாப நிதிக் கழிவு, வங்கிக் கணக்கு இலக்கம் ஆகியவை திரையில் வரும். பயனர் தட்டுவதை வினவலின் பகுதியாகவே தரவுத்தளம் இயக்கிவிடும் எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் குறை இந்த இடத்தில் இருக்கிறது:

```php
$q = "SELECT * FROM payslip WHERE div_id = $div
      AND emp_no = '" . $_GET['emp_no'] . "'";
```

`$div` உள்நுழைவிலிருந்து வருவதால், எழுதுவினைஞர் தம் பிரிவை மட்டுமே பார்க்க வேண்டும். ஆனால் இலக்கத்துக்குப் பதிலாக `1042' OR '1'='1` என்று கொடுத்தால், தரவுத்தளம் `AND`ஐ முதலில் கணித்து, அதன் பிறகே `OR`ஐச் சேர்ப்பதால், பிரிவு வரம்பு செயலற்றுப்போய் எல்லாப் பிரிவுகளின் பதிவுகளும் வந்துவிடுகின்றன.

இந்தக் குறையைச் சோதனை அறிக்கையில் எழுத இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. முதலாவது, முகாமையாளருக்கு முன்பக்கச் சுருக்கமும் உருவாக்குநருக்குப் பின்னிணைப்பும் எனப் பிரிப்பது. இரண்டாவது, ஒரே பகுதியில் இருவருக்கும் சேர்த்து எழுதுவது.

பிரித்து எழுதும்போது சுருக்கத்தில் நிற்பது பெரும்பாலும் குறையின் கடுமையைக் காட்டும் தர எண் மட்டுமே. தாக்குபவருக்கு ஒரு கணக்குத் தேவை. செயலியின் தரவுத்தளக் கணக்குக்கு வாசிக்கும் உரிமை மட்டுமே உண்டு. ஆகவே அந்தத் தர எண்ணைத் தரும் சி.வி.எஸ்.எஸ். முறையின் கணிப்பு இப்படி வரும்:

```
CVSS:3.1/AV:N/AC:L/PR:L/UI:N/S:U/C:H/I:N/A:N
```

இதன் மதிப்பு 6.5, அதாவது "நடுத்தரம்". கணிப்பில் தவறில்லை, ஆனால் வெளியே போகக்கூடியது ஒரு தோட்டம் முழுவதன் சம்பளமும் வங்கி இலக்கங்களும் என்பதை அந்த எண் சொல்லாது. அதை மட்டும் படித்த முகாமையாளர் திருத்தத்தை அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவைத்தால், அவரைக் குறைகூற முடியாது. மறுபக்கம், பின்னிணைப்பை மட்டும் படித்த உருவாக்குநர், யாருடைய எந்தத் தரவு திறந்து கிடக்கிறது என்பதை அறியாமல், `emp_no`இல் மேற்கோள் குறியை நீக்கும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்ததாகக் கருதலாம்.

சேர்த்து எழுதும் பகுதி தர எண்ணுக்கு முன்பே இப்படித் தொடங்கும்: "எந்தவொரு பிரிவின் எழுதுவினைஞரும், அல்லது அவரது கடவுச்சொல்லை அறிந்த எவரும், எல்லாப் பிரிவுகளின் சம்பளத்தையும் வங்கி இலக்கங்களையும் பார்க்க முடியும். இக்கணக்கின் ஊடாகச் சம்பளத்தை மாற்ற முடியாது." இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது, முடியாததையும் சொல்லும் அறிக்கையைத்தான் முகாமையாளர் நம்புவார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சட்ட ஆலோசகர் பார்க்க வேண்டும் எனக் குறிப்பிடலாம். மீறல் நடந்தது என்று தீர்ப்பெழுதுவது சோதிப்பவரின் வேலையன்று.

அதன்கீழ் உருவாக்குநருக்கான சான்று வரும். நூற்றுக்கணக்கான பதிவுகளைக் கொட்டிய திரைப்பிடிப்பை ஒட்டினால், அறிக்கையே இன்னொரு கசிவாகிவிடும். `1042' AND '1'='1` விடை தருகிறது, `1042' AND '1'='2` தருவதில்லை என்ற இணையே குறையை நிறுவப் போதும். திருத்தம் இது; கேள்விக்குறிகளின் இடத்தில் வரும் மதிப்பைத் தரவுத்தளம் வெறும் தரவாகவே கொள்ளும்:

```php
$st = $pdo->prepare("SELECT * FROM payslip
  WHERE div_id = ? AND emp_no = ?");
$st->execute([$div, $_GET['emp_no']]);
```

ஆனால் வரிசைப்படுத்தும் `ORDER BY` நெடுவரிசைப் பெயரை இவ்வாறு கேள்விக்குறியால் மாற்ற முடியாது. அதற்கு அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். மேற்கோள் குறியை நீக்குவதும் அங்கே பயன்படாது; அந்த இடத்தில் தாக்குபவருக்கு மேற்கோள் குறியே தேவையில்லை.

மறுசோதனையில் அதே இணையை மீண்டும் அனுப்பி, இரண்டும் ஒரேமாதிரியான விடை தருகின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டும் வெறுமையாக வர வேண்டும் என்று எழுதிவிடக் கூடாது. நெடுவரிசை முழு எண் வகையாக இருந்தால், மைஎஸ்கியூஎல் அந்தச் சரத்தின் தொடக்கத்திலுள்ள 1042ஐ எடுத்துக்கொண்டு, திருத்திய பின்னும் ஒரு பதிவைத் தரலாம். அப்பதிவைக் கண்டு குறை நீங்கவில்லை என்று தவறாக அறிவிப்பவர்களும் உண்டு.

ஆகவே என் தெரிவு சேர்த்து எழுதுவதே. ஒரு சூழலில் மட்டும் பிரிப்பது சரி: அறிக்கை கொழும்புத் தலைமையகத்துக்கோ வெளிக் கணக்காய்வாளருக்கோ போகும்போது, தாக்குதலைத் திரும்பச் செய்ய உதவும் வரிகள் அதனுடன் பயணிக்கக் கூடாது. அப்போதும் சுருக்கத்தைப் புதிதாக எழுதாமல், சேர்த்து எழுதிய பகுதியின் முதற்பத்தியை அதே கண்டறிதல் இலக்கத்துடன் அப்படியே எடுத்து அனுப்ப வேண்டும். மறுசோதனை முடிந்ததும் நிலையை இரு பிரதிகளிலும் ஒரே நாளில் மாற்ற வேண்டும்.