மொழிபெயர்ப்புச் சான்று: ஏஜென்சியா, பதிவுபெற்றவரா, நோட்டரியா?

வெளிநாட்டுப் படிப்புக்கோ குடியேற்றத்துக்கோ பிறப்புச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் மொழிபெயர்க்கப் போனால் மூன்று வழிகள் கண்ணில் படும். ஏஜென்சி செய்து தன் லெட்டர்ஹெட்டில் சான்று தருவது ஒன்று. அரசோ தொழில் அமைப்போ பதிவுசெய்த மொழிபெயர்ப்பாளர் தன் சீலோடு தருவது இன்னொன்று. யாரோ மொழிபெயர்த்ததை நோட்டரியிடம் கொண்டுபோய் முத்திரை வாங்குவது மூன்றாவது. பலரும் மூன்றாவதுதான் பலமானது என்று நம்பிப் பணம் கட்டுகிறார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு.

நோட்டரி உறுதிசெய்வது கையெழுத்துப் போட்ட ஆள் யார் என்பதை; மொழிபெயர்ப்பு சரியா என்பதை அல்ல. அந்த மொழியே தெரியாத நோட்டரியும் முத்திரை வைக்கலாம். அமெரிக்கக் குடியேற்ற விதி கேட்பது இரண்டே வாக்கியம்: மொழிபெயர்ப்பு முழுமையானது, துல்லியமானது என்பது ஒன்று, இந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கத் தகுதி உண்டு என்பது மற்றொன்று. மொழிபெயர்த்தவர் இதை எழுதிக் கையெழுத்திட்டால் போதும், நோட்டரி வேண்டாம். பிரிட்டன் இதோடு தேதி, முழுப் பெயர், தொடர்பு விவரம் எல்லாம் கேட்கிறது. இந்த இரு நாடுகளுக்கும் நல்ல ஏஜென்சி தாராளமாகப் போதும்.

ஜெர்மனிக்கு அந்தக் கதை நடக்காது. அங்கே அலுவலகங்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளரை, justiz-dolmetscher.de தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவுக்குள் இருந்து செய்தால், அந்நாட்டு மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் அமைப்பான NAATI-யின் சான்று பெற்றவர் வேண்டும். கனடாவில் மொழிபெயர்ப்பாளர் சான்று பெற்றவர் இல்லையென்றால் பிரமாணப் பத்திரம் கட்டாயம். நோட்டரிக்கு உண்மையில் வேலை இருப்பது அங்கேதான். விண்ணப்பதாரரோ உறவினரோ செய்த மொழிபெயர்ப்பைக் கனடா ஏற்பதில்லை, அவர் எவ்வளவு புலமை உள்ளவராக இருந்தாலும்.

துல்லியத்தைப் பொறுத்தவரை, யாரிடம் கொடுத்தாலும் வந்ததும் மூலத்தைப் பக்கத்தில் வைத்து நீங்களே பாருங்கள். பின்பக்கத்தில் உள்ள சிறிய எழுத்து, ஓரத்தில் எழுதிய குறிப்பு, மங்கிய ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் வந்திருக்க வேண்டும். நல்லவர் ‘[வட்ட முத்திரை: பதிவாளர் அலுவலகம்]’, ‘[கையெழுத்து, தெளிவில்லை]’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருப்பார். முத்திரை இருந்த இடம் வெறுமையாக இருந்தால் அந்த மொழிபெயர்ப்பு முழுமையானது அல்ல, கையெழுத்து வாங்குவதற்கு முன்பே திருப்பிக் கொடுங்கள். 03/04/1998 ஏப்ரலா மார்ச்சா என்று குழப்பும். மாதத்தை எழுத்தில் கேளுங்கள்.

பெயரில்தான் அதிகம் சிக்கல். சான்றிதழில் இனிஷியலோடு ‘க. முருகன்’, பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரித்து எழுதியிருக்கும். பாஸ்போர்ட்டைப் பார்த்து மொழிபெயர்ப்பாளர் இனிஷியலை விரித்தெழுதிவிட்டால், மூலத்தில் இல்லாததைச் சேர்த்தவர் ஆகிறார். எழுத்துக்கூட்டலைப் பாஸ்போர்ட்படி வைக்கலாம், இனிஷியலை அப்படியே விட வேண்டும். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்பதற்குத் தனி ஆவணம் இணைப்பதே வழி. அதேபோல மதிப்பெண்ணை வேறு நாட்டு கிரேடாக மாற்றித் தருவதும் மொழிபெயர்ப்பாளர் வேலை அல்ல.

ஆவணம் வெளிநாட்டில் செல்லும் என்று அரசு தரும் சான்றான அப்போஸ்டில் தேவைப்பட்டால் அதை முதலில் வாங்கிவிட்டு மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள். அந்தத் தாளும் ஆவணத்தின் பகுதியாகிவிடுவதால், பின்னால் வாங்கினால் மறுபடியும் காசு கொடுத்து மொழிபெயர்க்க வேண்டிவரலாம்.

‘ஒரு பக்கம் இவ்வளவு’ என்ற விலையில் பக்கம் என்றால் என்ன என்று கேட்காமல் ஒப்பிட முடியாது. ஒருவருக்கு அது ஸ்கேன் செய்த ஒரு தாள், இன்னொருவருக்கு 250 சொற்கள். ஆறு செமஸ்டர் பட்டியல், தாளுக்கு 120 சொல் என்று வைத்துக்கொள்வோம். தாள் கணக்கில் ஆறு பக்கம். சொல் கணக்கில் 720 சொல், அதாவது ஏறக்குறைய மூன்று பக்கம். பக்க விலை இருவரிடமும் ஒன்றாகவே இருந்தாலும் முதலாமவரிடம் இரட்டிப்பாகிறது. ஒரே தாளில் நெருக்கமாக அச்சிட்ட 600 சொல் விவாகரத்துத் தீர்ப்பாக இருந்தால் தலைகீழ்: தாள் கணக்கில் ஒன்று, சொல் கணக்கில் முழுப் பக்கமாக ஏற்றி எண்ணினால் மூன்று. ஆகவே பட்டியல்களைச் சொல் கணக்கில் எடுப்பவரிடமும் தீர்ப்பைத் தாள் கணக்கில் எடுப்பவரிடமும் கொடுப்பதே லாபம். சொல்லை மூலத்தில் எண்ணுவார்களா மொழிபெயர்ப்பிலா என்பதையும் கேளுங்கள், ஏனென்றால் தமிழில் ஒரு சொல்லாக இருப்பது ஆங்கிலத்தில் இரண்டு மூன்றாகப் பிரியும். சான்றுத் தாள், கூடுதல் பிரதி, கூரியர் ஆகியவை அந்த விலைக்குள் அடங்குமா என்பதை விலைப்புள்ளி வாங்கும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.