கையளிப்புக் குறிப்பு: திகதிப் பட்டியலா, பிழைப் பதிவா?

இரண்டாம் தவணையின் நடுவில் எனக்குத் தீவகப் பாடசாலை ஒன்றுக்கு இடமாற்றம் வந்தது. யாழ்ப்பாணத்தில் நான் கற்பித்த தரம் 9 கணித வகுப்பைப் பொறுப்பேற்க வரும் ஆசிரியைக்கு ஒரு கையளிப்புக் குறிப்பை எழுதவேண்டியிருந்தது. ஒரே வகுப்பைப் பற்றி இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். முதலாவது, எங்களில் பெரும்பாலோர் வழமையாக எழுதும் திகதிப் பட்டியல். இரண்டாவது, மாணவர்கள் எந்தக் கணக்கில், எந்த வரியில், எப்படிப் பிழைவிடுகிறார்கள் என்பதைச் சொல்லும் பதிவு. இரண்டையும் அருகருகே வைத்து, எது எதற்கு உதவுகிறது என்பதை இங்கே அலசுகிறேன்.

திகதிப் பட்டியலை எழுத எனக்கு இருபது நிமிடங்கள் போதுமானதாக இருந்தது. அலகின் பெயர், தொடங்கிய திகதி, முடித்த திகதி, ஒதுக்கிய பாடவேளைகள் ஆகியவற்றைப் பதிவுக் கொப்பியிலிருந்து எடுத்தெழுதினேன். அட்சரகணிதக் கோவைகள், அவற்றின் காரணிகள், சமாந்தரக் கோடுகளுடன் தொடர்புபட்ட கோணங்கள், நேர்விகித சமன், சுட்டிகள் ஆகிய யாவும் முடிந்தவை. அடுத்து வரவேண்டியவை மட்டந்தட்டலும் விஞ்ஞானமுறைக் குறிப்பீடும், ஒழுக்குகளும் அமைப்புகளும், சமன்பாடுகள், முக்கோணியின் கோணங்கள், சூத்திரங்கள். பாடவிதானத்தில் வகுப்பு எங்கே நிற்கிறது என்பதைப் பகுதித் தலைவர் ஒரே பார்வையில் அறிந்துகொள்ளவும், தவணைப் பரீட்சைக்கு முன் எத்தனை அலகுகள் மீதமுள்ளன என்று கணக்கிடவும் இதைவிடத் தெளிவான வடிவம் இல்லை. அந்த அளவில் இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் இந்தப் பட்டியலில் ‘முடிந்தது’ என்ற சொல் ஆசிரியர் கற்பித்து முடித்ததைத்தான் குறிக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு வகுப்பை நான் பொறுப்பேற்றபோது இத்தகைய ஒரு பக்கமே என் கையில் கிடைத்தது. அதை நம்பி அடுத்த அலகைத் தொடங்கினேன். முந்தைய அலகில் பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்கவே ஏறத்தாழ மூன்று வாரங்கள் கழிந்தன. குறிப்பை எழுதியவரில் பிழையில்லை. அந்த வடிவத்தில் அதைச் சொல்ல இடமே இருக்கவில்லை.

இரண்டாவது வடிவத்தை எழுத இரண்டு மாலைப்பொழுதுகள் தேவைப்பட்டன. அதில் நான் மிகுதியாக எழுதியது அட்சரகணிதக் கோவைகள் பற்றித்தான். வகுப்பிலுள்ள 38 பேருக்கும் ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய இரண்டு வினாக்களைக் கொடுத்தேன்: 5x + 2(x − 3) என்பதையும் 5x − 2(x − 3) என்பதையும் சுருக்கவேண்டும். முதலாவதற்கு 36 பேர் 7x − 6 என்று சரியாக எழுதினார்கள். இரண்டாவதற்கு 3x + 6 என்ற சரியான விடையை எழுதியவர்கள் 21 பேர்தான். 13 பேர் 3x − 6 என்று எழுதியிருந்தார்கள். மீதி நான்கு பேரின் விடைகள் வெவ்வேறானவை. இரண்டு வினாக்களையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் நோய் எதுவென்று புலப்படுகிறது: பிள்ளைகளுக்கு அடைப்பை நீக்கத் தெரிகிறது, ஆனால் அடைப்புக்கு முன்னுள்ள மறைக்குறி உள்ளே இருக்கும் இரண்டாவது உறுப்பையும் மாற்றுகிறது என்பது அவர்களுக்குப் பதியவில்லை.

அந்த 13 பேரிலும் எவர் கவனக்குறைவால் பிழைவிட்டார், எவர் விளங்காமல் பிழைவிட்டார் என்பதை விடையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. எனவே x இற்கு 10 ஐப் பிரதியிடச் சொன்னேன். தரப்பட்ட கோவையின் பெறுமானம் 50 − 14, அதாவது 36. அவர்கள் எழுதிய 3x − 6 இன் பெறுமானமோ 24. இரண்டும் பொருந்தவில்லை என்பதைத் தாங்களே கண்ட பின்னர், எந்த வரியில் தவறியது என்று தேடினார்கள். ஒரு வாரம் கழித்து, முன்னறிவித்தல் இல்லாமல், 7a − 3(a − 4) ஐச் சுருக்கக் கொடுத்தேன். எட்டுப் பேர் 4a + 12 என்று எழுதினார்கள். ஐந்து பேர் மீண்டும் 4a − 12 என்றே எழுதினார்கள். கையளிப்புக் குறிப்பில் இருக்கவேண்டியது அந்த ஐந்து பேரின் கொப்பி வரிகள்தான். திகதிப் பட்டியலில் இவை அனைத்தும் ‘அட்சரகணிதக் கோவைகள்: முடிந்தது’ என்ற ஒரே வரிக்குள் மறைந்துவிடுகின்றன.

இந்த வேறுபாடு வருங்கால அலகைத் தொடும்போது இன்னும் பெரிதாகிறது. சமன்பாடுகள் அலகில் ஒருங்கமை சமன்பாடுகள் வருகின்றன. 2x + 3y = 13, 2x − y = 1 என்ற சோடியில் முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 3y − (−y) = 12 என்று வரும்; 4y = 12, எனவே y = 3, x = 2. மேற்சொன்ன ஐந்து பேரும் இங்கே 3y − y என்று எழுதி, 2y = 12, y = 6 என்று முடிக்கும் வாய்ப்பே அதிகம். அதை இரண்டாவது சமன்பாட்டில் இட்டால் x = 3.5 என்று கிடைக்கும். தசம விடை வந்ததால் சில பிள்ளைகள் சந்தேகப்படுவார்கள், சிலர் அப்படியே விட்டுவிடுவார்கள். முதலாவது சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால் 13 இற்குப் பதிலாக 25 வரும். புதிய ஆசிரியை இதை முதன்முறையாகக் காணும்போது, நீக்கல் முறை விளங்கவில்லை என்று எண்ணி அந்த முறையையே மீண்டும் கற்பிக்கத் தொடங்குவார். பிழையின் வேர் முதலாம் தவணையில் இருக்கிறது என்பதை அவருக்குச் சொல்லக்கூடியவர் முன்னைய ஆசிரியர் ஒருவர்தான். எனவே சமன்பாடுகளைத் தொடங்குவதற்கு முன் இரண்டு பாடவேளைகளை மறைக்குறியுள்ள அடைப்புகளுக்கே ஒதுக்கும்படி எழுதினேன்.

என் வகுப்பைப் பற்றிய இன்னொரு செய்தியும் இரண்டாவது வடிவத்தில்தான் இடம்பெற முடிந்தது. என் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் மாலையில் ரியூசனுக்குப் போகிறவர்கள். அவர்களில் பலர் சமன்பாடுகளை அங்கே ஏற்கெனவே படித்துவிட்டார்கள். ‘பக்கம் மாற்றினால் குறி மாறும்’ என்ற வாய்பாட்டை அவர்கள் பிழையின்றி ஒப்புவிப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு இந்த வகுப்புக்குச் சமன்பாடு தெரியும் என்று முடிவுசெய்வது எளிது. ஆனால் 3x = 12 என்பதில் 3 ஐ மறுபக்கம் கொண்டுபோகும்போது அதே வாய்பாட்டின்படி −3 ஆல் வகுத்து x = −4 என்று எழுதியவர்களை நான் கண்டிருக்கிறேன். கூட்டல், கழித்தலுக்குச் சொல்லப்பட்ட சுருக்கவழியைப் பெருக்கலுக்கும் இழுத்துவிட்டார்கள். இரு பக்கங்களுக்கும் ஒரே செய்கையைச் செய்கிறோம் என்பதைத் தராசுப் படத்துடன் முதலிலிருந்தே கற்பிக்கும்படியும், ‘இது எங்களுக்குத் தெரியும்’ என்ற குரலுக்காக அந்தப் பகுதியைத் தாண்டவேண்டாம் என்றும் குறிப்பிட்டேன்.

அடுத்த அலகுகளின் ஒழுங்கைப் பொறுத்தவரையிலும் இரண்டு வடிவங்களும் வேறுபடுகின்றன. திகதிப் பட்டியல் பாடநூலின் வரிசையை அப்படியே தருகிறது. அந்த வரிசையில் ஒழுக்குகளும் அமைப்புகளும் முதலில், சமன்பாடுகள் அதன் பின்னர். ஒழுக்குகளுக்குக் கவராயமும் தொடர்ச்சியான நேரமும் வேண்டும். செங்குத்து இருசமகூறாக்கியையும் கோண இருசமகூறாக்கியையும் 40 நிமிடத்துக்குள் விளக்கி, அமைத்து, சரிபார்க்க முடிவதில்லை. பாதியில் மணி அடித்தால் அடுத்த நாள் பிள்ளைகள் முதலிலிருந்தே வரைவார்கள். எங்கள் நேரசூசியில் புதன்கிழமை மட்டுமே இரட்டைப் பாடவேளை உண்டு. ஆகவே ஒழுக்குகளைப் புதன்கிழமைகளிலும் சமன்பாடுகளை ஏனைய நாள்களிலும் சமாந்தரமாகக் கொண்டுசெல்லலாம் என்பது நான் எழுதிய மாற்றுவழி. இரண்டு அலகுகளும் ஒரே தவணைப் பரீட்சைக்குள் அடங்குவதால் வினாத்தாளால் இடையூறு வராது. பலவீனமான பிள்ளைகள் இரண்டு அலகுகளை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்கச் சிரமப்படுவார்கள் என்பது இதிலுள்ள குறை. அவர்களுக்கு இரண்டு தனிக் கொப்பிகள் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். என் விருப்பம் இந்த மாற்றுவழியே. எனினும் வகுப்பை எடுக்கப்போவது நான் அல்ல என்பதால், காரணங்களை எழுதித் தெரிவை அவரிடமே விட்டேன். காரணம் இல்லாத வரிசையை ஒருவர் பின்பற்றலாம் அல்லது கைவிடலாம், தன் வகுப்புக்கு ஏற்றபடி திருத்த முடியாது.

இரண்டாவது வடிவத்துக்கும் ஆபத்துகள் உண்டு. முதலாவது, அது விரைவில் பழையதாகிவிடும். அந்த ஐந்து பேரில் இருவர் அடுத்த மாதமே தெளிந்திருக்கக்கூடும். இரண்டாவது, இன்னும் கடுமையானது. பிள்ளையின் பெயருக்கு நேரே ‘கெட்டிக்காரி’, ‘பின்தங்கியவர்’, ‘கவனமில்லாதவர்’ என்று எழுதினால், புதிய ஆசிரியை பிள்ளையைக் காணும் முன்பே தீர்ப்பைக் கண்டுவிடுகிறார். என் முதல் வரைவில் இத்தகைய சொற்கள் நான்கைந்து இடங்களில் இருந்தன. அவற்றை அடித்துவிட்டு, அந்த இடங்களில் பிள்ளை எழுதிய வரியையும் அதன் திகதியையும் மட்டும் எழுதினேன். ‘7a − 3(a − 4) = 4a − 12’ என்ற வரி ஒரு செயலைக் காட்டுகிறது; நாளை அந்தப் பிள்ளை சரியாக எழுதினால் அந்தப் பதிவு தானாகவே முடிந்துபோகும். குடும்ப நிலைமைகள் எதையும் எழுதவில்லை. வகுப்பறையில் நடவடிக்கை எடுக்கத் தேவையானவற்றை மட்டும், உதாரணமாக ஏழு பேரிடம் கவராயம் இல்லை, அலுமாரியில் பத்துக் கவராயங்கள் இருக்கின்றன என்பதைக் குறிப்பிட்டேன்.

தொலைபேசியில் பேசிக் கையளிப்பது மூன்றாவது வழி. வகுப்பின் சுபாவத்தைச் சொல்ல அது நல்லது. ஆனால் ஆறு வாரங்கள் கழித்துச் சமன்பாடுகள் தொடங்கும்போது, கேட்டது எதுவும் கையில் இருக்காது.

இறுதியில் நான் இரண்டையும் ஒரே கோப்பில் வைத்தேன். மேலே ஒரு பக்கத் திகதிப் பட்டியல், பகுதித் தலைவருக்கும் சேர்த்து. அதன்கீழ் மூன்று பக்கப் பிழைப் பதிவு, ஆசிரியைக்கு மட்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்று ஒருவர் கேட்டால், பிழைப் பதிவையே எழுதச் சொல்வேன். திகதிகளைப் பதிவுக் கொப்பியிலிருந்து எவரும் பின்னர் எடுத்துக்கொள்ளலாம், அந்த ஐந்து பேரின் வரிகளை எடுக்க முடியாது. கோப்பின் கடைசியில், விடை எழுதப்படாத ஐந்து நிமிட வினாத்தாளின் 38 பிரதிகளை இணைத்து, ‘என் பதிவை வாசிக்கும் முன் இதை வகுப்புக்குக் கொடுத்துப் பாருங்கள்’ என்று மேலே எழுதிவைத்தேன்.