மாற்றிய முகம்: கோட்டில் நிறுத்துவதா, கழுத்தோடு பொருத்துவதா?

வீடியோவில் ஒருவரின் முகத்தை வேறொரு முகமாக மாற்றினால், அதன் நிறம் கீழே உள்ள கழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். இதைப் பார்க்க உதவுவது படத்தின் நிறங்களை வட்டத்தில் காட்டும் வெக்டர்ஸ்கோப். அதில் கோணம் நிறத்தையும், மையத்திலிருந்து உள்ள தூரம் செறிவையும் காட்டும். சரும நிறக் கோடு சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே, சுமார் 123 டிகிரியில் இருக்கிறது.

ஒவ்வொரு ஷாட்டிலும் முகத்தை அந்தக் கோட்டிலேயே நிறுத்துவது வேகமான வழி. பகல் வெளிச்சத்தில், வெள்ளைச் சமநிலை சரியாக இருந்தால் இதுவே போதும். ஆனால் மஞ்சள் விளக்கொளியில், வெக்டர்ஸ்கோப்பில் கழுத்தின் தடம் மஞ்சள் பக்கம் சாய்ந்திருக்கும். முகம் மட்டும் கோட்டில் நின்றால் தாடையோரம் முகமூடி போலத் தெரியும்.

அங்கே கழுத்தோடு பொருத்துவதே சரி. நிறத் திருத்த மென்பொருளான ரிசால்வில் கழுத்தின் மேல் சிறிய விண்டோ வரைந்து, அந்தப் பகுதியை மட்டும் காட்டும் ஹைலைட்டை இயக்கி, தடம் எந்தக் கோணத்தில், எவ்வளவு தூரம் நீள்கிறது என்று பாருங்கள். பிறகு கன்னத்தையும் அப்படியே பார்த்து, முதலில் கோணத்தையும் அடுத்து செறிவையும் சேருங்கள். நிழல் விழுந்த கழுத்தை அளக்காதீர்கள், செறிவு ஏமாற்றும். வெளிச்ச வேறுபாட்டை வெக்டர்ஸ்கோப் காட்டாது, அதற்கு வேவ்ஃபார்ம்தான்.